வண்டியை விற்ற பிறகும் ஆர்.சி.யில் உங்கள் பெயர்: பெயர் மாற்றம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பணம் வாங்கிட்டேன், சாவியும் ஆர்.சி. புக்கும் கொடுத்துட்டேன். அதுக்கப்புறமும் வண்டி எப்படி என்னோடது ஆகும்?

உங்களுக்கும் வாங்கியவருக்கும் நடுவில் வண்டி அவருடையதுதான். பொருள் விற்பனைச் சட்டம் 1930-இன்படி, விலை பேசி, பணம் வாங்கி, பொருளை ஒப்படைத்துவிட்டால் விற்பனை முடிந்தது. நாளைக்கு நீங்கள் போய் வண்டியைத் திருப்பிக் கேட்க முடியாது.

சாலையில் போகும் மற்ற எல்லாருக்கும் வேறொரு சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(30) ‘உரிமையாளர்’ என்ற சொல்லுக்குப் பொருள் சொல்கிறது: வண்டி யார் பெயரில் பதிவாகி நிற்கிறதோ அவர்தான் உரிமையாளர். பணம் கொடுத்தவரோ, வண்டியை வைத்திருப்பவரோ, ஓட்டுகிறவரோ அல்ல. பழைய 1939 சட்டத்தில் இந்தப் ‘பதிவு’ என்ற அளவுகோல் கிடையாது. 1988-இல் தெரிந்தேதான் சேர்த்தார்கள். அடிபட்டவர் வண்டி நம்பரைத்தான் பார்த்திருப்பார். அந்த நம்பருக்குப் பின்னால் எத்தனை பேர் கை மாறியிருக்கிறது என்று அவரால் தேடிக்கொண்டிருக்க முடியாது. நம்பரைத் தட்டினால் ஒரு பெயர் வர வேண்டும், அந்தப் பெயருக்குப் பொறுப்பு இருக்க வேண்டும் என்பதே ஏற்பாடு.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. வண்டி கடனில் இருந்தால், கடன் ஒப்பந்தப்படி வண்டியை வைத்திருப்பவரே உரிமையாளர், கடன் கொடுத்த நிறுவனம் அல்ல. இது நிதி நிறுவனங்களுக்கான பாதுகாப்பு. விற்றுவிட்ட தனி ஆளுக்கு இப்படி ஒரு விலக்கு சட்டத்தில் இல்லை.

வாங்கினவர் போய் யாரையோ இடிச்சா, ஓட்டாத நான் ஏன் இழப்பீடு கட்டணும்?

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், 2018 பிப்ரவரி 6 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு பதில் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் ஒரு கார் ரிவர்ஸில் வரும்போது இருவர் மீது மோதி, ஒரு சிறுவன் இறந்துபோனான். விபத்து நடந்தது 2009 மே மாதம். ஆர்.சி.யில் இருந்தவரோ காரை 2007 ஜூலையிலேயே விற்றுவிட்டதாகச் சொன்னார். வாங்கியவர் அடுத்த ஆண்டு இன்னொருவருக்கு விற்றிருந்தார், அவர் வேறொருவருக்கு விற்றிருந்தார். கடைசியாகக் கையில் வைத்திருந்ததாகச் சொல்லப்பட்டவரும் ‘நானும் விற்றுவிட்டேன்’ என்றார். இத்தனை கை மாறியும் ஆர்.சி.யில் முதல் ஆளின் பெயர் அப்படியே இருந்தது. காருக்கு இன்சூரன்ஸும் இல்லை.

உயர் நீதிமன்றம் கடைசியாக வைத்திருந்தவரைப் பொறுப்பாக்கியது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்றது. விபத்து நடந்த தேதியில் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்பது மட்டுமே கேள்வி. பாதிக்கப்பட்ட குடும்பம் ஒவ்வொரு விற்பனையாகத் துரத்திக்கொண்டு போக வேண்டியதில்லை என்று தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது. 2001-லும் 2011-லும் வந்த தீர்ப்புகளும் இதே பக்கம்தான் நின்றன.

காரை விற்று ஏறக்குறைய 2 வருஷம் ஆன பிறகு நடந்த விபத்து அது. ‘விற்று ரொம்ப நாளாச்சு’ என்பது இங்கே பதிலாகாது. பெயர் மாறாதவரை நாள் ஆக ஆக அபாயம் கூடத்தான் செய்யும்.

இன்சூரன்ஸ் இருக்கே, கம்பெனிதானே கட்டும்?

பாலிசி உயிரோடு இருக்கும்வரை பெரும்பாலும் ஆமாம். சட்டத்தின் பிரிவு 157, வண்டி கை மாறிய நாளிலிருந்து பாலிசியும் புது ஆளுக்கு மாறிவிட்டதாகவே கருத வேண்டும் என்கிறது. மூன்றாம் நபருக்கு ஏற்படும் பாதிப்புக்கு நிறுவனம் ‘பெயர் மாற்றவில்லை’ என்று கைவிரிக்க முடியாது. விற்றவருக்கு ஆபத்து தொடங்குவது பாலிசி முடியும் தேதியில்தான். புதுப்பிக்க வேண்டியவர் வாங்கியவர், புதுப்பிக்காவிட்டால் மாட்டுகிறவர் நீங்கள்.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். 2019 நவம்பர் 10 அன்று எடுத்த ஸ்கூட்டர். 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வண்டிகளுக்கு 5 வருஷ மூன்றாம் நபர் பாலிசி கட்டாயம் என்பதால், அது 2024 நவம்பர் 9 வரை ஓடும். நீங்கள் 2024 ஜூன் 3 அன்று 38,000 ரூபாய்க்கு விற்கிறீர்கள். வாங்கியவர் ‘அடுத்த மாதம் மாற்றிக்கொள்கிறேன்’ என்கிறார், மாற்றவில்லை. செப்டம்பரில் விபத்து நடந்திருந்தால் பாலிசி இருக்கிறது, நிறுவனம் கட்டியிருக்கும். நடந்தது 2025 ஜனவரி 20. பாலிசி முடிந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நடந்து போனவருக்குக் கால் எலும்பு முறிந்து, அவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகிறார். மனுவில் முதல் எதிர்மனுதாரர் ஓட்டியவர், இரண்டாவது எதிர்மனுதாரர் நீங்கள். இன்சூரன்ஸ் நிறுவனம் என்று மூன்றாவது ஆளே கிடையாது.

தீர்ப்பாயம் 6,00,000 ரூபாயும், மனு போட்ட நாளிலிருந்து 7.5 சதவீத வட்டியும் விதிக்கிறது என்று கொள்வோம். வழக்கு இரண்டு வருஷம் நடந்தால் வட்டி மட்டும் 90,000. மொத்தம் 6,90,000 ரூபாய். அதை ஓட்டியவரும் நீங்களும் கூட்டாகவும் தனித்தனியாகவும் கட்ட வேண்டும் என்று உத்தரவு வரும். தனித்தனியாக என்றால், யாரிடம் சொத்தோ சம்பளமோ இருக்கிறதோ அவரிடம் முழுத்தொகையையும் வசூலிக்கலாம் என்று பொருள். கட்டாவிட்டால் மாவட்ட ஆட்சியர் மூலம் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

பாலிசி இருந்தாலும் தப்பாத இடம் ஒன்று உண்டு. ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்றால், பல வழக்குகளில் தீர்ப்பாயம் ‘நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்’ என்று உத்தரவிடுகிறது. அந்த உரிமையாளர் ஆர்.சி.யில் இருப்பவரே.

இழப்பீடு தவிர வேற என்ன தொல்லை வரும்?

அன்றாடம் வருவது இ-சலான். சிக்னலில் நிற்காமல் போனால், ஹெல்மெட் போடாமல் போனால், கேமரா நம்பரைப் படிக்கிறது, குறுஞ்செய்தி உங்கள் போனுக்கு வருகிறது. உண்மையில் இதை ஓர் எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்ளுங்கள்: விற்ற வண்டிக்கு உங்களுக்குச் சலான் வந்தால் பெயர் மாறவில்லை என்று அர்த்தம். அபராதத்தைக் கட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

அடுத்தது போலீஸ். விபத்தோ, திருட்டோ, கஞ்சா கடத்தலோ, எதில் வண்டி சிக்கினாலும் முதலில் தேடி வருவது ஆர்.சி. முகவரிக்கு. பிரிவு 133-இன்படி, குற்றம் நடந்தபோது வண்டியை ஓட்டியவர் யார் என்று போலீஸ் கேட்டால் உரிமையாளர் அந்த விவரத்தைத் தர வேண்டும். விற்றதற்கான தாள் கையில் இருந்தால் ஒரு நாளில் முடியும். இல்லாவிட்டால் நீங்கள் சொல்வதை அவர்கள் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. 18 வயது நிரம்பாத பிள்ளை ஓட்டிக் குற்றம் செய்தால், பிரிவு 199A பாதுகாவலரையோ உரிமையாளரையோ குற்றவாளியாகக் கருதுகிறது. 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. தமக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபித்தால் விடுதலை உண்டு, ஆனால் நிரூபிக்கும் வேலை உங்களுடையது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓட்டாத ஒருவரை, கவனக்குறைவாக ஓட்டியதற்காகச் சிறையில் போட முடியாது. அந்தக் குற்றம் ஓட்டியவரோடு போய்விடும். உங்களைத் தொடர்ந்து வருவது பணப் பொறுப்பும் அலைச்சலும்தான்.

ஃபார்ம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன். அது போதாதா?

போதாது. பெரும்பாலான தகராறுகள் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

ஃபார்ம் 29 என்பது விற்றவர் பதிவு அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டிய அறிவிப்பு: ‘இந்த வண்டியை இன்னாருக்கு இந்தத் தேதியில் விற்றுவிட்டேன்.’ ஃபார்ம் 30 என்பது பெயர் மாற்றக் கேட்கும் விண்ணப்பம், அதில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். வாங்குபவர் பெயரும் தேதியும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுக்கும் பழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. ‘ஓப்பன் ஃபார்ம்’ என்பார்கள். புரோக்கருக்கு அது வசதி. பெயர் மாற்றக் கட்டணம் கட்டாமல் வண்டியை அடுத்த ஆளுக்குத் தள்ளிவிடலாம், அவர் அடுத்தவருக்கு. அந்தத் தாள் டேஷ்போர்டுக்குள் ஊர் ஊராகச் சுற்றும், ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு மட்டும் போகாது. 2018 தீர்ப்பில் பார்த்த சங்கிலித் தொடர் விற்பனை தமிழ்நாட்டில் உருவாகும் விதம் இதுதான்.

சட்டத்தின் பிரிவு 50 இருவருக்கும் தனித்தனிக் கடமை வைத்திருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.சி.யையும் கட்டணத்தையும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். மேலே சொன்ன ஸ்கூட்டருக்கு அந்தத் தேதிகள் ஜூன் 17-உம் ஜூலை 3-உம். உங்கள் 14 நாள் கடமையை வாங்கியவர் கையில் ஒப்படைத்துவிட்டால், அதை அவர் செய்யாமல் விட்டதற்கும் நீங்களே பதில் சொல்ல வேண்டிவரும்.

சரியா செய்யணும்னா எந்த வரிசையில செய்யணும்?

வாங்குபவர் வருவதற்கு முன்பே உங்கள் பக்கத்தைத் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள். parivahan.gov.in தளத்தில் வண்டி விவரத்தைப் பார்த்தால் நான்கு விஷயங்கள் தெரியும்: ஆர்.சி. செல்லும் தேதி, இன்சூரன்ஸ் தேதி, புகைச் சான்று, கடன் பதிவு. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருஷம் செல்லும். அது முடிந்திருந்தால் முதலில் புதுப்பிக்க வேண்டும். சலான் பாக்கி இருக்கிறதா என்று echallan.parivahan.gov.in-இல் தனியாகப் பாருங்கள். பாக்கி இருந்தால் விண்ணப்பம் நடுவழியில் நிற்கும்.

பலர் மறப்பது போன் நம்பர். பெயர் மாற்ற விண்ணப்பத்துக்கான ஓ.டி.பி. பதிவேட்டில் உள்ள நம்பருக்குத்தான் வரும். வண்டி வாங்கியபோது ஷோரூம்காரர் தன் நம்பரைப் போட்டிருப்பார், அல்லது அந்த சிம்மை நீங்கள் விட்டிருப்பீர்கள். அதை முதலில் மாற்றுங்கள்.

பிறகு, வாங்குபவர் பக்கத்தில் இருக்கும்போதே விண்ணப்பத்தைப் போடுங்கள். தளத்தில் மாநிலத்தையும் வண்டி நம்பரையும் சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளையும் கொடுத்து, ‘Transfer of Ownership’ என்பதைத் தேர்ந்தெடுத்து, வாங்குபவர் பெயர், முகவரி, விற்ற தேதி, தொகை எல்லாம் நிரப்பிக் கட்டணம் கட்ட வேண்டும். மத்திய விதிப்படி அடிப்படைக் கட்டணம் இருசக்கர வண்டிக்கு 150 ரூபாய், காருக்கு 300 ரூபாய். அதற்கு மேல் ஸ்மார்ட் கார்டு, சேவைக் கட்டணம் சேரும். புரோக்கர் கேட்கும் தொகையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், எங்கே எவ்வளவு போகிறது என்று புரியும்.

விண்ணப்ப எண் வந்ததும் அச்செடுத்து, ஃபார்ம் 29 இரண்டு பிரதி, ஃபார்ம் 30, அசல் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, இருவரின் அடையாள, முகவரிச் சான்றுகளோடு வாங்குபவரின் முகவரிக்கு உட்பட்ட ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்புவது அடிக்கடி நடக்கும். நீங்கள் நேரில் இருந்தால் அது ஒரு நிமிட வேலை.

விண்ணப்ப எண்ணை உங்கள் போனில் குறித்துவைத்து வாரம் ஒருமுறை நிலையைப் பாருங்கள். வண்டி விவரத்தில் உரிமையாளர் பெயர் மாறினால்தான் வேலை முடிந்தது. புது ஆர்.சி. வாங்கியவர் வீட்டுக்குப் போய்விடுவதால், இப்படிப் பார்ப்பதைத் தவிர உங்களுக்கு வேறு வழி இல்லை.

பெயர் மாறும்வரை விலையில் ஒரு பகுதியை, ஸ்கூட்டருக்கு 3,000, காருக்கு 15,000 என்று பேசி நிறுத்திவைக்க வாங்குபவர்கள் கேட்பது உண்டு. விற்பவருக்கு அது நல்லதல்ல. பெயர் மாறும்வரை அந்தப் பணம் வாங்கியவர் கையிலேயே இருப்பதால், மாற்ற அவருக்கு அவசரம் இருக்காது.

வாங்கினவர் இழுத்தடிக்கிறார். நான் மட்டும் ஃபார்ம் 29 கொடுத்துட்டா என் பொறுப்பு தீர்ந்துடுமா?

முழுக்கத் தீராது. தீர்ப்புகள் கேட்பது பதிவேட்டில் உள்ள பெயரை. அறிவிப்பு கொடுத்ததால் மட்டும் பெயர் மாறிவிடாது. ஆனாலும் கொடுத்தே ஆக வேண்டும், அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. உங்கள் 14 நாள் கடமை நிறைவேறுகிறது. போலீஸ் விசாரணையில், விபத்துக்கு முன்பே அரசு அலுவலகத்துக்கு எழுதிய தேதியிட்ட தாள் உங்களிடம் இருக்கிறது. பின்னால் வாங்கியவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட்டாலும் அதுவே முதல் ஆதாரம்.

நேரில் கொடுத்தால் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்கிக்கொள்ள மறுத்தால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதன் இரண்டாம் பிரதி வாங்கியவருக்கும் போக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

இழுத்தடிப்பவரிடம் எடுபடும் ஒரு வாதம் உண்டு. வண்டி திருடுபோனாலோ நொறுங்கினாலோ கிடைக்கும் சொந்தச் சேத இழப்பீடு, மூன்றாம் நபர் பாதுகாப்பைப் போலத் தானாக அவருக்கு மாறாது. 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுதிப் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்குப் பெயர் மாறிய ஆர்.சி. வேண்டும். நஷ்டம் தமக்கு என்று தெரிந்தால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வழி கண்டுபிடித்துவிடுவார்கள்.

டெலிவரி லெட்டர் எழுதி வாங்கினா கோர்ட்டுல செல்லுமா?

பாதிக்கப்பட்டவருக்கு எதிராகச் செல்லாது, உங்களிடம் வாங்கியவருக்கு எதிராகச் செல்லும். இழப்பீட்டை நீங்கள் கட்ட நேர்ந்தால், அவரிடமிருந்து வசூலிக்க அதுதான் ஆயுதம். போலீஸ் விசாரணையிலும் அதுதான் முதலில் கைகொடுக்கும்.

அதில் தேதி மட்டும் போதாது, நேரமும் எழுதுங்கள். மாலை 4.30-க்கு ஒப்படைத்த வண்டி 6 மணிக்கு விபத்தானால் அந்த ஒன்றரை மணி நேரம்தான் எல்லாம். வண்டி நம்பர், இன்ஜின் எண், சேசிஸ் எண், கிலோமீட்டர், தொகை, வாங்குபவரின் முழுப்பெயர், முகவரி, போன் ஆகியவை இருக்கட்டும். அந்த நேரத்திலிருந்து வரும் விபத்து, வழக்கு, அபராதம் எல்லாவற்றுக்கும் தாமே பொறுப்பு என்றும், 30 நாளுக்குள் பெயர் மாற்றுவதாகவும், அதுவரை இன்சூரன்ஸ் விடாமல் வைத்திருப்பதாகவும் அவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் இருவர். அவருடைய அடையாள அட்டையின் நகலை அசலோடு ஒப்பிட்டு வாங்குங்கள். வண்டிக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தி ஒரு போட்டோ எடுங்கள். பணம் வங்கி வழியாக வந்தால் அதுவே இன்னொரு சாட்சி.

கார் கன்சல்டிங்ல விட்டேன். அவங்க பார்த்துக்குவாங்கன்னு சொன்னாங்க. நம்பலாமா?

2023 ஏப்ரல் 1 முதல் இதற்குத் தனி விதி வந்துவிட்டது. பழைய வண்டி வாங்கி விற்பவர்கள் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும். அப்படி அங்கீகாரம் பெற்றவரிடம் வண்டியை ஒப்படைத்து, ஃபார்ம் 29C மூலம் தளத்தில் அறிவித்துவிட்டால், அன்றிலிருந்து அந்த டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். விற்பவருக்குச் சட்டம் கொடுத்த மிகப் பெரிய பாதுகாப்பு இது. ஆனால் அங்கீகாரம் இல்லாத கடைக்கு இது பொருந்தாது. எனவே கேட்க வேண்டியது, ‘அங்கீகாரச் சான்றிதழ் காட்டுங்கள், 29C போட்டு அதன் ரசீதைக் கொடுங்கள்’ என்பதே. அதற்குப் பதில் ‘ஓப்பன் ஃபார்மில் கையெழுத்துப் போடுங்க சார்’ என்று வந்தால், நீங்கள் விதியின் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறீர்கள்.

வாங்குறவர் பெங்களூர்க்காரர். என்.ஓ.சி. எடுத்துக் கொடுத்துட்டேன், முடிஞ்சதுதானே?

முடியவில்லை. ஃபார்ம் 28 கொடுத்து வாங்கும் அந்தத் தடையில்லாச் சான்று, வண்டி வேறு மாநிலத்துக்குப் போக உங்கள் அலுவலகம் தரும் அனுமதி மட்டுமே. கர்நாடகத்தில் வரி கட்டி, அங்கே பெயர் மாறும்வரை பதிவேட்டில் நீங்கள்தான் இருப்பீர்கள். வெளி மாநில விற்பனையில் வரிச் செலவு பெரியது என்பதால் இழுத்தடிப்பும் அதிகம். வெளிமாநிலப் பதிவுள்ள வண்டியாக இருந்தால் விற்றவர் அறிவிக்க 45 நாள் தரப்படுகிறது. அதற்குள் அவர் அங்கே விண்ணப்பித்த எண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

லோன் எப்பவோ கட்டி முடிச்சுட்டேன். ஆனா ஆர்.சி.யில பேங்க் பேர் இருக்கே?

ஹெச்.பி. எனப்படும் அந்தக் கடன் பதிவைக் கேன்சல் செய்யாமல் பெயர் மாற்றம் நகராது. வங்கியிடமிருந்து ஃபார்ம் 35 இரண்டு பிரதியும் கடன் முடிந்த கடிதமும் வாங்கி முதலில் அதை நீக்குங்கள். வண்டிக்கு ஆள் பார்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

ரெண்டு வருஷம் முன்னாடி வித்தேன். இன்னும் என் பேர்லதான் இருக்கு, ஆள் போன் எடுக்கல. இப்ப என்ன பண்றது?

முதலில் வண்டி விவரத்தில் இன்சூரன்ஸ் தேதியைப் பாருங்கள். முடிந்திருந்தால் இன்றே மூன்றாம் நபர் பாலிசி ஒன்றை நீங்களே எடுங்கள். விற்ற வண்டிக்குப் பணம் கட்டுவது வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் 2022 ஜூன் முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையிலான இருசக்கர வண்டிக்கு 714 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து சுமார் 843 ரூபாய். 1000 சி.சி.க்கு மேல் 1500 சி.சி. வரையிலான காருக்கு வரி நீங்கலாக 3,416 ரூபாய். மேலே பார்த்த 6,90,000 கணக்கோடு வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே நடந்துவிட்ட விபத்துக்கு இது உதவாது, இனி நடப்பதற்குத்தான்.

அடுத்து, கையில் உள்ள டெலிவரி லெட்டர், பணம் வந்த வங்கி விவரம், வாட்ஸ்ஆப் பேச்சு எல்லாவற்றையும் சேர்த்து, ஆர்.டி.ஓ.வுக்கு ஃபார்ம் 29-உம் ஒரு கடிதமும் அனுப்புங்கள். வாங்கியவருக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் விடுங்கள். அவர் வேறொருவருக்கு விற்றிருந்தால், யாருக்கு என்று எழுத்தில் கேளுங்கள். இப்போது வண்டி வைத்திருப்பவர் கிடைத்துவிட்டால், அவர் பெயருக்கே புது ஃபார்மில் கையெழுத்திட்டு மாற்றிவிடலாம். தாமதத்துக்குக் கூடுதல் கட்டணம் வரும், அதை யார் கட்டுவது என்று தகராறு செய்து காரியத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆளே கிடைக்காவிட்டால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். விற்றதை மறைத்து ‘திருடுபோய்விட்டது’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பொய்ப் புகார் உங்கள் மீதே திரும்பும். இழப்பீட்டு வழக்கில் சம்மன் வந்துவிட்டால் ‘என் வண்டி இல்லை’ என்று ஒதுங்காமல் வக்கீல் வைத்து ஆஜராகுங்கள். போகாவிட்டால் உங்கள் தரப்பு கேட்காமலேயே தீர்ப்பாகிவிடும். வாங்கியவரையும் வழக்கில் சேர்க்கச் சொல்லிக் கேட்கும் வாய்ப்பும் போய்விடும்.

அப்பா இறந்துட்டார். அவர் பேர்ல இருக்கற பைக்கை அப்படியே விக்கலாமா?

முதலில் வாரிசு பெயருக்கு மாற்றிவிட்டு விற்பதே முறை. இறந்த 30 நாளுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்தால், 3 மாதம் வரை வாரிசு ஓட்டலாம். அதற்குள் ஃபார்ம் 31-இல் விண்ணப்பிக்க வேண்டும். இறந்தவர் கையெழுத்தைத் தாங்களே போட்டு விற்பது மோசடி.

ஓடாத பழைய ஸ்கூட்டரை காயலான் கடையில எடைக்குப் போட்டேன். அதுக்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு. கடைக்காரர் அதை உடைக்காமல் சரிசெய்து யாருக்காவது விற்றால், அது உங்கள் நம்பர் பிளேட்டோடு ரோட்டில் ஓடும். வண்டியை அழித்தால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்கிறது பிரிவு 55. பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் கொடுத்தால் வைப்புச் சான்றிதழ் தருவார்கள், பதிவு ரத்துக்கு அது வழி. காயலான் கடையில்தான் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், நம்பர் பிளேட்டுகளைக் கழற்றிக்கொண்டு, சேசிஸ் எண் உள்ள பகுதியை உங்கள் கண்முன்னே வெட்டச் சொல்லி, அந்தத் துண்டை ஆர்.சி.யோடு வீட்டுக்கு எடுத்து வாருங்கள். பதிவு ரத்தாகும்வரை இரண்டையும் பத்திரமாக வையுங்கள்.